புதுப்பிப்பு: ஆஃபர் லெட்டரும் ஒப்பந்தமும் ஒத்துப்போகவில்லை

முன்பு கேட்டது: "ஆஃபர் லெட்டரில் தகுதிகாண் காலம் 3 மாதம், நோட்டீஸ் 1 மாதம். ஒப்பந்தத்தில் 6 மாதம், 3 மாதம். எது செல்லும்?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கடைசியாகக் கையெழுத்திடுவதுதான் செல்லும் என்று ஒரு நண்பர் சொன்னது பாதி சரி. மனிதவளத் துறையில் இருக்கும் அக்கா சொன்னபடி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். 'முந்தைய கடிதங்கள் அனைத்துக்கும் பதிலாக இந்த ஒப்பந்தமே முழு உடன்பாடு' என்று ஒரு பிரிவு இருந்தது. அப்படி இருந்தால் ஆஃபர் லெட்டரைக் காட்டி வாதாடுவது கடினமாம்.

அப்புறம் இரண்டையும் அருகருகே வைத்து வரிவரியாகப் படித்தேன். சம்பளத் தொகை ஒன்றுதான். ஆனால் லெட்டரில் 'நிலையான சம்பளம்', ஒப்பந்தத்தில் 'ஊக்கத்தொகை உட்பட'. அதாவது ஒரு பகுதி கைக்கு வராமலே போகலாம்.

பிரிவு எண்களைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "லெட்டரில் இருப்பதுதான், கவலை வேண்டாம்" என்று பதில் வந்தது. ஒப்பந்தத்திலேயே திருத்தித் தாருங்கள் என்று மறுபடி கேட்டேன். சம்பளமும் தகுதிகாண் காலமும் திருத்தி வந்துவிட்டன. நோட்டீஸ் இன்னும் 3 மாதம்தான். தகுதிகாண் காலத்திலும் அதேதானா என்று கேட்டிருக்கிறேன். அதுவரை கையெழுத்திடப் போவதில்லை.