ஜிஎஸ்டி நோட்டீஸில் வட்டித் தொகை சரியா? உதவுங்கள்

நான் கணக்கு எழுதும் சின்ன வியாபாரி ஒருவருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. மே மாத GSTR-3B-ஐ ஜூன் 20-க்குள் போடாமல் ஜூலை 15-ல்தான் போட்டோம், அதாவது 25 நாள் தாமதம். தாமதக் கட்டணம் 1,250 ரூபாய் என்று இருக்கிறது. அது நாளுக்கு 50 ரூபாய், வரி எவ்வளவு என்றாலும் மாறாது என்று சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

வட்டித் தொகையில்தான் சிக்கல், 493 ரூபாய் போட்டிருக்கிறார்கள். மொத்த வரி 40,000, அதில் 28,000 உள்ளீட்டு வரி வரவில் கழிந்து, பணமாகக் கட்டியது 12,000தான். பிரிவு 50-ன்படி பணமாகக் கட்டிய பகுதிக்கு மட்டும்தானே 18% வட்டி? அப்படிப் போட்டால் 12,000 × 18% × 25/365, சுமார் 148 ரூபாய். 40,000-க்குப் போட்டால் சரியாக 493 வருகிறது, அதனால் மொத்தத்துக்கே போட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். ரிட்டர்ன் போட்ட பிறகுதான் நோட்டீஸே வந்தது, அதற்கு முன்னால் எந்த நடவடிக்கையும் இல்லை.

தொகை சின்னதுதான், ஆனால் அவர் "நான் என்ன தப்பு பண்ணினேன்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார், எனக்கே மனசு கேட்கவில்லை. இதுபோல் பதில் கொடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், 148-ஐ முதலில் கட்டிவிட்டு விதி 88B-ஐக் காட்டிப் பதில் எழுதலாமா, கூட எந்த லெட்ஜர் நகலை இணைத்தீர்கள்?