வரைபு ஸ்லைடுக்குக் குரல் ஸ்கிரிப்ட் எழுதிய அனுபவங்கள்

வெள்ளவத்தை: பொருளியல் பாட வீடியோக்களுக்குப் பின்னணிக் குரல் ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். அண்மையில் வந்த ஸ்லைடில் ஒரே ஒரு கோடு: கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம், 2022 செப்டெம்பர் முதல் 2023 செப்டெம்பர் வரை. எனக்குத் தந்த வரைவு மாதம் மாதமாக எண்களை வாசித்துக்கொண்டே போனது. நாலாவது மாதம் வரும்போது முதல் மாதத்து எண் யாருக்கு ஞாபகம் இருக்கும்? இப்படி மாற்றினேன்:

"விலைகள் முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட எவ்வளவு கூடின என்பதை இந்தக் கோடு காட்டுகிறது. 2022 செப்டெம்பரில் கிட்டத்தட்ட 70 சதவீதம். மார்ச் வரை மெதுவாக இறங்கி 50 அளவில் இருக்கிறது. ஏப்ரலிலிருந்து செங்குத்தாக விழுந்து, செப்டெம்பரில் 1.3இல் முடிகிறது."

தெஹிவளை: நல்லது அக்கா. ஆனால் எண்ணே வேண்டாமே? "விலை கூடியது, பிறகு குறைந்தது" என்றால் போதும்.

கொட்டாஞ்சேனை: எண்களைக் குறைக்கச் சொல்வது சரி தம்பி. முழுக்க எடுத்தால் 70இலிருந்து 1க்கு விழுந்ததும் 7இலிருந்து 6க்கு வந்ததும் காதுக்கு ஒன்றுதான். தொடக்கம், திருப்பம், முடிவு, இந்த மூன்றிடத்தில் எண் இருக்கட்டும்.

"விலை குறைந்தது" என்பதை மட்டும் எழுதவே வேண்டாம். 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் 2022இல் ஏறக்குறைய 170. அதற்கு மேல் 1.3 சதவீதம் கூடினால் 2023இல் 172. விழுந்தது கூடுகிற வேகம்தான். கடைக்குப் போகிறவர் "எங்கே குறைந்தது?" என்று கேட்டால் ஸ்கிரிப்ட் பொய்யாகிவிடும்.

ஏப்ரலில் கோடு முறிவதற்கும் ஒரு வரி வேண்டும். 2022 மார்ச்சில் ரூபாய் சரியத் தொடங்கி விலைகள் எகிறின. ஓராண்டு கழித்து அந்த உயர்ந்த விலைகளோடு ஒப்பிடுவதால் சதவீதம் சட்டென்று சுருங்குகிறது. முழுக் காரணம் அதுவல்ல, ஆனால் பெரிய பங்கு அதற்குண்டு.

பம்பலப்பிட்டி: எனக்கு வந்தது சுற்றுலாப் பயணிகளின் வருகை, ஆண்டுக்கு ஒரு தூண். 2018இல் 23 இலட்சம், 2020இல் 5 இலட்சம், 2021இல் 2 இலட்சத்துக்கும் குறைவு. 2020ஐவிட 2021 மோசம் என்றுதான் தூண்கள் சொல்கின்றன. ஆனால் 2020இன் 5 இலட்சமும் ஏறக்குறைய முழுதாக மார்ச் நடுப்பகுதிக்குள் வந்தவர்கள். பிறகு விமான நிலையம் மூடப்பட்டது. அதைச் சொல்லாவிட்டால் சரிவு ஈராண்டாகப் படிப்படியாக நடந்ததுபோல் கேட்கும்.

வெள்ளவத்தை: கொட்டாஞ்சேனை அண்ணா, உங்கள் ஏப்ரல் வரியைச் சேர்த்துவிட்டேன். ஆனால் ஸ்லைடில் இல்லாத காரணத்தைக் குரலில் சொல்லக்கூடாது என்கிறார் விரிவுரையாளர்.

கொட்டாஞ்சேனை: அப்படியானால் அந்தக் காரணத்தை ஸ்லைடிலேயே ஒரு குறிப்பாகப் போடச் சொல்லிப் பாருங்கள்.

தெஹிவளை: குறிப்பு கூடினால் ஸ்லைடை யார் பார்ப்பார்கள்? விரிவுரையாளர் பக்கம்தான் நான்.