சுங்கை சிப்புட் குடும்பக் குழு: கவிதாவின் சேனல்

கவிதா: யூடியூப் சேனல் தொடங்கப் போகிறேன். செடி வளர்ப்பு, சமையல், தாத்தா பால்மரம் சீவிய கதை, மூன்றையும் போடலாமா?

சேகர் மாமா: போடு. எது ஓடுகிறதோ அதைப் பிடித்துக்கொள். 1,000 பேர் சேர்ந்தால் காசு வந்துவிடும்.

பார்வதி அத்தை: என் முறுக்கையும் ஒரு தடவை காட்டும்மா. தீபாவளி ஆர்டருக்கு உதவும்.

முகிலன் அண்ணன்: எது ஓடும் என்று முன்கூட்டியே தெரியாது, அதில் மாமா சொல்வது சரி. விளம்பரக் காசுக்கு 1,000 பேர் மட்டும் போதாது மாமா, 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்த்திருக்கவும் வேண்டும். செடிக்காக வந்தவர் தாத்தா கதையைத் தொடமாட்டார். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஆள் தேடவேண்டி வரும். கவிதா, உன்னிடம் அதிகம் கேட்கப்படுவது எது?

கவிதா: செடிதான். எங்கள் தாமான் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் பின்னால் சிமெண்டு போட்டுவிட்டார்கள், தொட்டியில் என்ன வரும் என்று கேட்கிறார்கள்.

முகிலன் அண்ணன்: யாருக்கு, என்ன கிடைக்கும் என்று ஒரே வரியில் எழுது.

கவிதா: "தாமான் வீட்டில் இயற்கையோடு வாழ்வோம்."

முகிலன் அண்ணன்: இதில் எதை வேண்டுமானாலும் நுழைக்கலாம். எந்தக் காட்சியையும் வெட்டச் சொல்லாத வரி உதவாது.

கவிதா: சரி. "மண்ணே இல்லாத தாமான் வீட்டிலும், ஒரு நாள் சமையலுக்குப் போதுமான காயைத் தொட்டியில் விளைவித்துக் காட்டுவேன்."

முகிலன் அண்ணன்: இது பிடி கொடுக்கிறது! வெண்டைக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் பார். ஒரு செடியில் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு காய்தான் பறிக்கலாம். "சமையலுக்குப் போதுமான" என்று சொல்லிவிட்டதால் ஐந்தாறு தொட்டியாவது வைக்கவேண்டும், கடைசியில் சட்டியில் கொதிப்பதையும் காட்டவேண்டும். விதைத்து ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும், அதனால் இப்போதே படம் பிடிக்கத் தொடங்கு. ஸ்கிரிப்டில் ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் அந்த வரியின் எந்தச் சொல்லுக்காக அது வருகிறது என்று குறி. குறிக்க முடியாததை எடுத்துவிடு.

கவிதா: ஈப்போ நர்சரிக்காரரோடு பேசியது இரண்டு நிமிடம் இருக்கிறதே, கலகலப்பாக வந்திருக்கிறது.

முகிலன் அண்ணன்: தொட்டிக்கு எந்த மண் என்று அவர் சொன்னது மட்டும் இருக்கட்டும். வெளியிட்ட பிறகு யூடியூப் ஸ்டூடியோவில், பார்வையாளர் எவ்வளவு நேரம் தங்குகிறார் என்று காட்டும் வரைபடக் கோட்டைப் பார். முதல் 30 விநாடியிலேயே செங்குத்தாக விழுந்தால், தலைப்பில் சொன்னதை நீ இன்னும் தொடவில்லை என்று சந்தேகப்படு.

சேகர் மாமா: அப்போ தாத்தா கதை?

முகிலன் அண்ணன்: லயத்துக்குப் பின்னால் அவர் போட்ட கீரைப் பாத்தியை இரண்டு தொட்டியில் அடக்குவது எப்படி என்று எடுத்தால் அவரும் வரலாம்.

சேகர் மாமா: அவர் வாழ்க்கையே கீரைப் பாத்திதானா? தனிச் சேனலே வேண்டும்.

முகிலன் அண்ணன்: இரண்டு சேனலுக்கு இவளுக்கு நேரம் ஏது மாமா?

பார்வதி அத்தை: முறுக்கு எந்தத் தொட்டியில் வரும்?

கவிதா: அத்தை 😄 உங்கள் முறுக்குக்குத் தனியாக ஒரு குட்டி வீடியோ, ஃபேஸ்புக்கில். யாரிடமாவது வெண்டை விதை இருக்கிறதா?