சிப்பை மாற்றினேன், திக்கல் போகவில்லை

மழைக்காலம்

புதுப் போன் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. என் கதையைச் சொல்கிறேன். வாங்கப் போகிறவர்களுக்கு உதவினால் சரி.

நடன வகுப்புகளை இரண்டு கேமராவில் பதிவு செய்து, போனிலேயே எடிட் செய்து கொடுப்பது என் வேலை. கோப்புகள் எல்லாம் ஒரு 1 டிபி எஸ்எஸ்டியில் இருக்கும். அதைக் கேபிளில் போனோடு மாட்டி, அங்கிருந்தே டைம்லைனில் போட்டு வெட்டுவேன். பழைய போனில் ஒரு கேமராவின் வீடியோ மட்டும் இருந்தால் ஓடும். அதன்மேல் இரண்டாவது கேமராவை வைத்தால் படம் உறைந்து நிற்கும், பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நடனத்துக்கு இதைவிடப் பெரிய கொடுமை இல்லை. தாளம் எங்கே, கால் எங்கே என்று பார்க்கவே முடியாது.

சிப் பலவீனம் என்று முடிவு கட்டினேன். பெஞ்ச்மார்க் எண்களை ஒரு மாதம் ஒப்பிட்டு, அந்த வருடத்தின் மேல்தட்டுச் சிப் உள்ள ஒரு போனை வாங்கினேன். ஸ்டோரேஜும் யுஎஃப்எஸ் 4.0. வாங்கிய அன்று மாலையே எஸ்எஸ்டியை மாட்டி அதே புராஜெக்டைத் திறந்தேன். அதே இடத்தில், அதே திக்கல்.

ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். ரெசல்யூஷனைக் குறைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் சார்ஜ் இறங்கிவிட்டது. இருப்பது ஒரே போர்ட், சார்ஜரை மாட்ட வேண்டும் என்பதால் இரண்டு கிளிப்பையும் போனுக்குள் காப்பி செய்துவிட்டு எஸ்எஸ்டியைக் கழற்றினேன். அப்புறம் பார்த்தால் இரண்டு லேயரும் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன! அதன் பிறகுதான் போனின் விவரப் பட்டியலைக் கடைசி வரி வரை படித்தேன். ‘USB Type-C 2.0’ என்று இருந்தது. வாங்கும்போது Type-C என்பதை மட்டும் படித்திருக்கிறேன்.

இதில் எனக்கு இன்னும் புரியாத ஒன்று உண்டு. ஒரு லேயர் நன்றாக ஓடுகிறதே, இரண்டாவது வைத்தால் மட்டும் ஏன்?

சும்மா வந்தேன்

கேபிளை மாற்றிப் பாருங்கள். எனக்கும் இதே பிரச்சினை இருந்தது. 100 வாட் கேபிள் வாங்கினேன், சரியாகிவிட்டது. மெல்லிய கேபிளில் எவ்வளவுதான் போகும்?

பழைய ரீல்

மழைக்காலம், உங்கள் கேமரா என்ன பிட்ரேட்டில் பதிகிறது?

மழைக்காலம்

4கே, 60 ஃபிரேம், 10-பிட். மெனுவில் 200 எம்பிபிஎஸ் என்று காட்டுகிறது. இரண்டு கேமராவும் ஒரே மாடல்தான்.

பழைய ரீல்

அப்படியானால் கணக்கு நேராக வருகிறது. 200 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் விநாடிக்கு 25 மெகாபைட். ஒரு லேயரை ஓட்ட, எஸ்எஸ்டியிலிருந்து விநாடிக்கு 25 எம்பி வந்தாக வேண்டும். யுஎஸ்பி 2.0-க்குக் காகிதத்தில் 480 மெகாபிட், அதாவது 60 எம்பி. நடைமுறையில் 35, நன்றாக இருந்தால் 40 எம்பிதான் கிடைக்கும். ஒரு லேயர் அதற்குள் அடங்கிவிடுகிறது. இரண்டு லேயர் என்றால் 50 எம்பி வேண்டும், குழாயில் வருவது 40. பற்றாக்குறையைத்தான் நீங்கள் திக்கலாகப் பார்க்கிறீர்கள். சிப் பாவம், தரவுக்காகச் சும்மா காத்துக்கொண்டிருக்கிறது. யுஎஃப்எஸ் 4.0 விநாடிக்கு 4,000 எம்பி வரை படிக்கக்கூடியது, ஆனால் கோப்பு அதில் இல்லையே.

நீங்கள் தற்செயலாகச் செய்ததுதான் சரியான சோதனை. திக்குகிற கிளிப்புகளை உள்ளே காப்பி செய்யுங்கள். திக்கல் போய்விட்டால் குற்றவாளி போர்ட், கேபிள், டிரைவ் இந்த மூன்றில் ஒன்று. போகாவிட்டால்தான் சிப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

சும்மா வந்தேன் சொல்வதில் பாதி சரி. கேபிளும் காரணமாக இருக்கலாம். ஆனால் கேபிளில் எழுதியிருக்கும் வாட், மின்சாரத்துக்கான கணக்கு. 100 வாட் கேபிள்களில் நிறைய உள்ளே யுஎஸ்பி 2.0 கம்பிகள்தான். உங்களுக்கு வேலை செய்தது என்றால் அந்தக் கேபிளில் வேகக் கம்பிகளும் இருந்திருக்கின்றன, உங்கள் போனின் போர்ட்டும் யுஎஸ்பி 3 வகை. மழைக்காலத்தின் போனில் எந்தக் கேபிளை மாட்டினாலும் 40-ஐத் தாண்டாது.

சும்மா வந்தேன்

ஓ. என் கேபிள் பெட்டியில் ‘10Gbps’ என்றும் போட்டிருந்தது. நான் வாட்டை மட்டும் பார்த்தேன். அப்போ கேபிளா போர்ட்டா என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய ரீல்

ஏறத்தாழ 10 ஜிபி உள்ள ஒரே ஒரு பெரிய கோப்பை எஸ்எஸ்டியிலிருந்து போனுக்குள் காப்பி செய்து, கடிகாரத்தைப் பாருங்கள். நாலு நிமிடத்துக்கு மேல் இழுத்தால் யுஎஸ்பி 2.0 வேகத்தில் போகிறது. 5 ஜிபிபிஎஸ் இணைப்பாக இருந்து, போனின் ஸ்டோரேஜும் ஈடுகொடுத்தால் அரை நிமிடத்தைச் சுற்றி முடிந்துவிடும். மெதுவாக இருந்தால் அதே கேபிள், அதே எஸ்எஸ்டியை ஒரு கணினியின் யுஎஸ்பி 3 போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். அங்கே பறந்தால் கேபிள் நல்லது, போன்தான் தடை. சின்னச் சின்னப் படங்களை ஆயிரக்கணக்கில் வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், எண் குழப்பும்.

போர்ட்டின் வடிவத்தை மட்டும் நம்பவே கூடாது. ஐபோன் 15-லும் 15 ப்ரோவிலும் ஒரே டைப்-சி ஓட்டைதான். முதலாவது யுஎஸ்பி 2 வேகம், இரண்டாவது 10 ஜிபிபிஎஸ் வரை. ப்ரோவின் பெட்டியில் வரும் கேபிளும் யுஎஸ்பி 2 தான், வேகக் கேபிளைத் தனியாக வாங்க வேண்டும்.

பொடியன்

இதற்கெல்லாம் எதற்குத் தலையை உடைத்துக்கொள்கிறீர்கள்? மெமரி கார்டு போடும் போன் வாங்கினால் முடிந்தது. நான் அப்படித்தான் மூன்று வருடமாகச் செய்கிறேன். தொங்கும் டிரைவும் இல்லை, கேபிளும் இல்லை.

பழைய ரீல்

பொடியன் விளையாட்டாகச் சொன்னாலும் இந்த விஷயத்தில் தப்பில்லை. யுஎச்எஸ்-1 வகைக் கார்டின் உச்சம் 104 எம்பி. நல்ல கார்டு 80, 90 வரை படிக்கும். ஆக, யுஎஸ்பி 2.0 போர்ட் உள்ள போனில், வெளியே தொங்கும் எஸ்எஸ்டியைவிட உள்ளே இருக்கும் கார்டு வேகம். எனக்கே இது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் மேல்தட்டுப் போன்களில் கார்டு இடமே அநேகமாக இல்லாமல் போய்விட்டது.

மூன்றாம் கண்

என் பிரச்சினை வேறு மாதிரி. நான் கிளிப்பை உள்ளேதான் வைத்திருக்கிறேன், ஒரே ஒரு லேயர்தான், அதுவே திக்குகிறது. போனில் எடுத்த 4கே அருமையாக ஓடுகிறது. நண்பரின் கேமராவில் எடுத்தது மட்டும் நகரவே மாட்டேன் என்கிறது. இரண்டும் எச்.265. ராம் 8 ஜிபி. 12 ஜிபி போன் வாங்கினால் தீருமா?

சும்மா வந்தேன்

ராம் அதிகம் இருந்தால் நல்லதுதானே. செட்டிங்ஸில் விர்ச்சுவல் ராம் இருக்கும், அதை ஆன் செய்து பாருங்கள்.

பழைய ரீல்

விர்ச்சுவல் ராமைத் தொடாதீர்கள். ஸ்டோரேஜின் ஒரு பகுதியை எடுத்து ராம் மாதிரி நடிக்க வைப்பது அது. எடிட்டிங் நேரத்தில் ஏற்கெனவே ஸ்டோரேஜுக்குத்தான் வேலை அதிகம்.

மூன்றாம் கண், அந்தக் கேமராவின் மெனுவில் 4:2:2 10-பிட் என்று இருக்கிறதா பாருங்கள். எச்.265 என்பது பொதுப் பெயர். போன்கள் எடுப்பது 4:2:0, 4:2:2-ஐவிட நிற விவரம் குறைவாகப் பதியும் வகை. சிப்புக்குள் வீடியோவைப் பிரிப்பதற்கென்றே தனிப் பகுதி ஒன்று உண்டு, அதற்கு 4:2:0 தண்ணீர் பட்ட பாடு. 4:2:2 வந்தால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு சிப்களில் அந்தப் பகுதி கையை விரித்துவிடும். பிறகு பொதுவான சிபியூ மூச்சு வாங்க அந்த வேலையைச் செய்யும். போன் கொதிக்கும், பேட்டரி இறங்கும், படம் நகராது. இதற்கு ராம் மருந்தில்லை. பெஞ்ச்மார்க் எண்ணும் இதைக் காட்டாது. கேமராவில் 4:2:0-க்கு மாற்றி எடுக்கச் சொல்லுங்கள், அல்லது கணினியில் 1080-க்குச் சிறிய நகல் எடுத்து அதில் வெட்டுங்கள்.

மூன்றாம் கண்

பார்த்துவிட்டேன். 4:2:2 தான். நண்பர் மாற்ற மாட்டார், அவர் நிறத்தில் பிடிவாதம். நகல் எடுத்துப் பார்க்கிறேன்.

மழைக்காலம்

சிப் பற்றி என் பங்குக்கு ஒன்று. உள்ளே காப்பி செய்த பிறகு, ஐந்து நிமிட வீடியோ ஒன்றை இடைவெளி இல்லாமல் மூன்று முறை எக்ஸ்போர்ட் செய்து பார்த்தேன். முதல் முறை 2 நிமிடம் 50 விநாடி. மூன்றாவது முறை 4 நிமிடம் 10 விநாடி. சூடானதும் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கடையில் ஒரு நிமிட பெஞ்ச்மார்க் ஓட்டிக் காட்டும்போது இது தெரியவே தெரியாது. தடிமனான உறையைக் கழற்றியபோது மூன்றாவது முறை 3:35-க்கு வந்தது.

கடைசி டேக்

நான் எடிட் செய்வதைவிட, எஸ்எஸ்டியில் நேரடியாகப் பதிவு செய்வதுதான் அதிகம். புரோரெஸ் என்ற பெரிய கோப்பு வடிவம், 4கே 60. இதற்கு டிரைவ் விநாடிக்கு 220 எம்பி விடாமல் எழுத வேண்டும். நான் முதலில் வேகமான பென் டிரைவ் என்று ஒன்றை மாட்டினேன். முதல் ஒன்றரை நிமிடம் அழகு, பிறகு ஃபிரேம்கள் விழுந்து பதிவு நின்றுவிட்டது. பெட்டியில் எழுதியிருந்த வேகம் ஆரம்ப ஓட்டத்துக்கு மட்டும்தானாம். எஸ்எஸ்டி வாங்கிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் வேறு ஒன்று வந்திருக்கிறது. இருபது நிமிடம் தாண்டினால் எஸ்எஸ்டி தானாகக் கழன்று மறுபடி இணைகிறது. ஒருமுறை நடுவில் கழன்றதில் கோப்பே திறக்கவில்லை.

பழைய ரீல்

டிரைவ் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தது என்றால் அதிர்ச்சியில்லை. எழுதும் பாதியில் இணைப்பு அறுந்தால் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு அதில் கிடையாது. கழல்வதற்குக் காரணம் மின்சாரமாக இருக்கலாம். ஐபோன் என்றால் டிரைவுக்கு 4.5 வாட்தான் கொடுக்கும். சார்ஜரையும் சேர்த்து மாட்டும் ஹப் ஒன்றை நடுவில் வைத்துப் பாருங்கள்.

கடைசி டேக்

வைத்துப் பார்த்தேன் அண்ணா. அதிலும் இருபத்தைந்து நிமிடத்தில் கழன்றது. எஸ்எஸ்டியைத் தொட்டால் கை சுடுகிறது.

பழைய ரீல்

அப்படியானால் காரணம் சூடாக இருக்கலாம், ஹப்பாகவும் இருக்கலாம். வேறொரு எஸ்எஸ்டியைக் கடன் வாங்கிப் பார்க்காமல் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதுவரை பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, புதுக் கோப்பாக எடுங்கள்.

நிழல்

நான் இந்த வாரம் வாங்கப் போகிறேன். ஒரே மாடலில் 128, 256 இரண்டும் இருக்கின்றன. டிரைவ் மாட்டப் போகிறேன் என்பதால் 128 போதும்தானே?

பழைய ரீல்

இடத்தை மட்டும் பார்க்காதீர்கள். சில மாடல்களில் 128-க்குள் இருக்கும் ஸ்டோரேஜே வேறு. கேலக்ஸி எஸ்23-இல் 128 ஜிபியில் யுஎஃப்எஸ் 3.1, 256-இல் 4.0. ஐபோன் 15 ப்ரோவில் 128 எடுத்தால், வெளி டிரைவ் இல்லாமல் புரோரெஸ் 1080-இல் 30 ஃபிரேமோடு நின்றுவிடும். இன்னொன்று, பல எடிட்டிங் ஆப்கள் டிரைவில் இருக்கும் கிளிப்பை அங்கிருந்தே ஓட்டாது, உள்ளே ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். லூமாஃப்யூஷன் மாதிரி நேரடியாக ஓட்டும் ஆப்கள் குறைவு. உங்கள் ஆப் நகல் எடுக்கும் வகை என்றால், டிரைவ் மாட்டினாலும் 128 இரண்டே புராஜெக்டில் நிரம்பிவிடும். எந்த ஆப் பயன்படுத்துகிறீர்கள்?

நிழல்

இனிமேல்தான் முடிவு செய்ய வேண்டும். முதலில் ஆப், பிறகு போன் என்று போகிறேன்.

மழைக்காலம்

கடைக்குப் போகும்போது உங்கள் எஸ்எஸ்டியையும், 10Gbps கேபிளையும், ஒரு 10 ஜிபி கோப்பையும் கையோடு எடுத்துப் போங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் போனில் மாட்டிக் காப்பி செய்ய விடுவார்களா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. இப்போது ஒவ்வொரு வகுப்புக்கும் 90 ஜிபியை உள்ளே காப்பி செய்ய முக்கால் மணி நேரம் காத்திருக்கிறேன்.