வலது விலாவில் பட்டையாகக் கொப்புளம்: அக்கிதானா? என்ன செய்யலாம்?

மலர்க்கொடி
அம்மாவுக்கு 64 வயது, சர்க்கரை உண்டு. முந்தாநாள் வலது விலாவில் எரிச்சல். வாயு என்று நினைத்தோம். நேற்றுக் காலை முதுகெலும்பிலிருந்து மார்புக்கடி வரை சிவந்து கொத்துக்கொத்தாய் நீர்க்கொப்புளம். சேலை பட்டாலே துடிக்கிறார். மருந்துக்கடையில் அசைக்ளோவிர் களிம்பு கொடுத்தார்கள். போதுமா?

குயவர் தெரு
அக்கிதான் அக்கா. காவி குழைத்து அக்கி எழுதுங்கள், குளிர்ச்சியாக இருக்கும். எங்கள் தெருவில் எழுதிய எல்லோருக்கும் பத்துப் பதினைந்து நாளில் உதிர்ந்துவிட்டது. இடுப்பைச் சுற்றி இரண்டு தலையும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

வார்டு சிஸ்டர்
எழுதாவிட்டாலும் இரண்டு மூன்று வாரத்தில் உதிரும் தம்பி. எப்போதோ வந்த சின்னம்மையின் கிருமி ஒரு நரம்பில் பதுங்கியிருந்து கிளம்புவதால், அந்த நரம்பு போகும் பாதையில் மட்டும் பட்டை விழுகிறது. நடுக்கோட்டைத் தாண்டுவது அபூர்வம். தலை சேர்ந்தால் ஆபத்து என்பது பயமுறுத்தல். பல இடங்களில் சிதறி வந்தால்தான் உடனே ஆஸ்பத்திரி. மூக்கு நுனியிலோ கண்ணைச் சுற்றியோ வந்தால் அன்றே கண் மருத்துவர்.

மலர்க்கொடி, களிம்பு போதாது. கிருமி நரம்புக்குள் இருக்கிறது. மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, அதனால் இன்றே டாக்டரிடம் போங்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் வழக்கமாக அசைக்ளோவிர் 800 மி.கி., ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். காலை 6, 10, 2, மாலை 6, இரவு 10 என்று அலாரம் வையுங்கள்; மதிய வேளைதான் பெரும்பாலும் விட்டுப்போகும். சர்க்கரை இருப்பதால் கிரியாட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். கூடினால் அளவைக் குறைப்பார்கள். டைக்ளோஃபெனாக் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், சிறுநீரகத்துக்குச் சுமை.

காவி வேண்டாம். உடைந்த கொப்புளத்தில் மண் ஒட்டினால் சீழ் பிடிக்கும், பிடித்தாலும் நிறத்தில் தெரியாது. குளிர்ச்சிதானே வேண்டும்? காய்ச்சி ஆறிய நீரில் நனைத்த சுத்தமான துணியைப் பத்து நிமிடம் போடுங்கள், ஒற்றி உலர்த்துங்கள். மேலே தளர்ந்த பருத்தித் துணி போதும்.

பாலாஜி_கே
எனக்கும் மீன் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கும். செட்ரிசின் போட்டால் அடங்கிவிடும், முயன்று பாருங்கள்.

வார்டு சிஸ்டர்
அது ஒவ்வாமை, இரண்டு பக்கமும் அரிக்கும். இது ஒரே பக்கம், அரிப்பை விட எரிச்சல்.

மலர்க்கொடி
அண்ணி ஏழு மாத கர்ப்பம், அதே வீடு.

வார்டு சிஸ்டர்
அவருக்குச் சின்னம்மை வந்ததில்லை என்றால், எல்லாம் பொருக்குத் தட்டும்வரை அம்மாவுக்குப் பக்கத்தில் வர வேண்டாம். ஏற்கெனவே தொட்டுப் பழகியிருந்தால் அவருடைய டாக்டரிடம் இன்றே சொல்லுங்கள்.

பார்மசி ரவி
எரிச்சலுக்குப் பாராசிட்டமால் பலருக்குப் போதாது. இரவில் குறைந்த அளவு கபாபென்டின் அல்லது அமிட்ரிப்டிலின் எழுதுவார்கள். வயதானவர்களுக்கு எழுந்தவுடன் தலை சுற்றும், இரவில் கழிப்பறைக்குத் துணைக்கு ஆள் போக வேண்டும்.

மலர்க்கொடி
மாத்திரையைச் சீக்கிரம் தொடங்கினால் பிறகு நரம்பு வலி தங்காதா?

பார்மசி ரவி
தங்காது என்கிறார்கள், அதனால்தான் அவசரம்.

வார்டு சிஸ்டர்
அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன் ரவி. புண் சீக்கிரம் ஆறும், இப்போதைய வலி குறையும். மூன்று மாதம் தாண்டிய வலியைத் தடுக்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 60 வயதுக்கு மேல் அது தங்கும் வாய்ப்பு அதிகம். பொருக்கு உதிர்ந்த பிறகும் துணி பட்டால் சுரீரென்றால் மறுபடி காட்டுங்கள்.