ரோஸி-கார்த்தி தை கல்யாணம்: ரெண்டு வீட்டு குரூப்

பிரியா: புதன்கிழமை காலைல மண்டபத்துல முகூர்த்தம், 11 மணிக்கு சர்ச்சுன்னு பத்திரிகை அடிச்சிடலாமா? விக்டர் சித்தப்பா, ஃபாதர் ஒத்துக்குவாரா?

விக்டர் சித்தப்பா: மாட்டார்மா. கத்தோலிக்க முறைல சம்மதம் ஒரே தடவைதான். முன்னாடியோ பின்னாடியோ இன்னொரு சமயச் சடங்குல மறுபடி கல்யாணம் பண்ணக் கூடாது. கார்த்தி ஞானஸ்நானம் வாங்காதவர், அதனால ஆயர் அனுமதி வேணும். மனு கொடுக்கும்போதே அன்னைக்கு வேற என்ன நடக்குதுன்னு ஃபாதர் கேட்பார்.

முருகேசன்: அப்ப ரெண்டு தாலி கட்டி, இந்து திருமணச் சட்டத்துல பதிஞ்சிடலாமே?

விக்டர் சித்தப்பா: அதுக்கு ரெண்டு பேரும் இந்துவா இருக்கணும் சம்பந்தி. 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துல ஒருத்தர் கிறிஸ்தவரா இருந்தாலே போதும், சர்ச் பதிவேட்டுல எழுதிடுவாங்க.

செல்வி அத்தை: மதியம் பிரியாணிதானே? புதன்கிழமைல எங்க வீட்டுல யாரும் விரதம் இல்ல.

கார்த்தி அம்மா: சாப்பாடு இருக்கட்டும் அண்ணி. தாலியே சர்ச்சுலன்னா நாங்க வெறும் விருந்தாளியா?

விக்டர் சித்தப்பா: இல்லம்மா. நேரம் உங்களோடது, இடம் எங்களோடது. புதன் எமகண்டம் 7:30-9, ராகு காலம் 12-1:30. உங்க ஜோசியர் 9:15-10:15 முகூர்த்தம் சரின்னு சொன்னா, 9 மணிக்கு சர்ச் ஆரம்பிக்கலாம். திருப்பலி வேண்டாம், வாசகம், மறையுரை, வாக்குறுதி மட்டும். அப்ப நற்கருணைக்கு யார் போகலாம்ங்கற சங்கடமே வராது. தாலி சுமார் 9:40க்கு. உங்க வீட்டுத் தாலியே மந்திரிச்சு கட்டட்டும், பக்கத்துல சின்னதா ஒரு சிலுவை கோர்த்துக்கலாம். முதல் முடிச்சு கார்த்தி, மத்த ரெண்டும் நாத்தனார். அதை ஃபாதர்கிட்ட முன்னாடியே சொல்லிடணும். அங்க திடீர்னு எழுந்து போனா முகம் சுளிப்பாங்க.

பிரியா: 9 மணிக்கு ரோஸி பார்லர்லருந்து வந்துடுவாளா? 😬

விக்டர் சித்தப்பா: கவிழ்றது அங்கதான். 8:40க்கு வாசல்ல நிக்கணும். பாடகர் குழு நுழைவுப் பாட்டை ரெண்டு சரணத்தோட நிறுத்தணும், மறையுரையை 8 நிமிஷத்துல முடிக்கச் சொல்லிக் கேட்டுக்கலாம். இந்த மூணும் சேர்ந்து இழுத்தா தாலி 10:15 தாண்டிடும், அப்புறம் உங்க பக்கப் பெரியவங்களை யாரும் சமாதானப்படுத்த முடியாது.

கார்த்தி அம்மா: மண்டபத்துல?

விக்டர் சித்தப்பா: 10:45க்கு மாமன் சீர், மெட்டி, அம்மி மிதிச்சு அருந்ததி பார்க்கிறது. எல்லாம் உங்க முறைப்படி, 12க்குள்ள.

முருகேசன்: அக்னி வளர்த்து ஏழடி வைக்கலாமா? அது வெறும் ஆசீர்வாதம்தானே.

விக்டர் சித்தப்பா: உங்களுக்கு அதுவே கல்யாணம் சம்பந்தி, அதான் ஃபாதர் தயங்குவார். கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும். பத்திரிகைல இப்போதைக்கு "அருந்ததி தரிசனம்"னு மட்டும் போடுங்க.

கார்த்தி அம்மா: ரோஸி முழு வெள்ளைப் புடவை மட்டும் வேண்டாம், எங்க பாட்டி தாங்க மாட்டாங்க.

பிரியா: சந்தன நிறம், சிவப்பு ஜரிகை பார்டர்னு எடுத்துக்கலாம் ஆன்ட்டி, மேல வெள்ளை முக்காடு. ஓகேவா?

கார்த்தி அம்மா: பாட்டிகிட்ட போட்டோ காட்டிட்டு சொல்றேன்.

செல்வி அத்தை: அம்மிக்கல்லு யார் கொண்டு வர்றது? மண்டபத்துல இருக்காது.