‘எக்ஸ்பொனென்ஷியல் பேக்ஆஃப்’: ‘பின்வாங்கல்’ வேண்டாம், வேறு சொல் தாருங்கள்

கொக்குவிலான்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் எஸ்எம்எஸ் அனுப்பும் நிரலின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மற்றதெல்லாம் ஓடுகிறது, இந்த ஒரு சொல்லில் வண்டி நிற்கிறது. ஏபிஐ அழைப்பு ஒன்று தோற்றால் உடனே திரும்ப அடிக்காமல் 1 செக்கன் பொறுத்து, பிறகு 2, பிறகு 4, 8 என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் முயல்வதுதான் விடயம். முன்பு மொழிபெயர்த்தவர் ‘அடுக்குக்குறிப் பின்வாங்கல்’ என்று போட்டிருக்கிறார். பின்வாங்கல் என்று யாழ்ப்பாணத்தில் சொன்னால் ஆருக்கும் ஏபிஐ ஞாபகம் வராது. அதோடு, பின்வாங்குகிறவன் திரும்பி வருவான் என்ற பொருள் அந்தச் சொல்லில் இல்லை. இது திரும்பி வருவதற்காகவே கொஞ்சம் ஒதுங்கி நிற்பது.

‘மீள்முயற்சி’, ‘அழைப்பு வரம்பு’ இரண்டையும் போன வருடமே பேசி முடித்துவிட்டோம். தயவுசெய்து அதைத் திரும்பக் கிளற வேண்டாம்.

மதுரைக்காரன்:

‘படிப்படித் தாமதம்’ எப்படி இருக்கு? எல்லாருக்கும் புரியும்.

நல்லூர் வாத்தியார்:

படிப்படி என்றால் 1, 2, 3, 4 என்றும் ஏறலாமே. தம்பி சொன்ன 1, 2, 4, 8 அப்பட்டமான பெருக்கல் விருத்தி, ஓ.எல். பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ‘அடுக்கு’ என்பது தமிழ்நாட்டுப் பாடப்புத்தகச் சொல், எங்கள் புத்தகத்தில் அது ‘சுட்டி’. ஆனால் ‘சுட்டித் தாமதம்’ என்று போட்டீர்களோ, மவுஸ் பழுதாகிவிட்டது என்று நினைப்பார்கள். ஆகவே ‘இரட்டிப்புத் தாமதம்’ என்று வையுங்கள். ‘அழைப்பு கூடிவிட்டது’ என்று சேவர் 429 தந்தால் இரட்டித்துக்கொண்டே போக வேண்டியதுதான், நெரிசல் தானாகக் குறைந்துவிடும். சொல்லும் நேராக அதைச் சொல்கிறது.

கொக்குவிலான்:

சேர், தானாகக் குறையவில்லையே, அதுதானே என் பிரச்சினை. போன மாதம் ஒரு ரியூசன் சென்ரருக்காக 600 பெற்றோருக்கு ஞாயிறு காலை வகுப்பு மாற்றம் அறிவிக்க வேண்டியிருந்தது. எஸ்எம்எஸ் தருகிற இடத்தின் வரம்பு நிமிடத்துக்கு 60 அழைப்பு. எங்கள் நிரல் 600 அழைப்பையும் ஒரேயடியாக எழுப்பி, தோற்றவற்றை நீங்கள் சொன்னமாதிரியே இரட்டித்து இரட்டித்து முயன்றது. ஏழு மீள்முயற்சிக்குப் பிறகு கைவிடும்படி எழுதியிருந்தேன். பாதிக்கு மேல் பிள்ளைகள் பூட்டிய கேற்றுக்கு முன்னால் நின்றார்கள். லொக் கோப்பில் 429 என்ற எண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஏழாலையான்:

கொக்குவில் தம்பியின் கணக்கைக் கடதாசியில் போட்டுப் பார்த்தேன். சொல்லைத் தெரிவதற்கும் அது உதவும், பொறுமையாக வாசியுங்கள்.

காலை 6 மணிக்குச் சரியாக 600 அழைப்பு போகிறது. 60 உள்ளே, 540 வெளியே. இந்த 540-உம் ஒன்றாகத் தோற்றவை, ஆகவே ஒன்றாகவே 1 செக்கன் காத்திருந்து ஒன்றாகவே திரும்பி வருகின்றன. அந்த நிமிடத்தின் 60 ஏற்கெனவே தீர்ந்துவிட்டதால் ஒன்றுகூட உள்ளே போகாது. பிறகு 2 செக்கன், 4, 8, 16. அதாவது தொடக்கத்திலிருந்து 1, 3, 7, 15, 31 ஆவது செக்கன்களில் 540 பேரும் கூட்டமாக வந்து வெறுங்கையோடு திரும்புகிறார்கள். 63 ஆவது செக்கனில் புது நிமிடம் பிறந்திருக்கிறது. 60 பேர் போகிறார்கள், 480 பேர் மிச்சம். அடுத்த முறை 127 ஆவது செக்கன், இன்னொரு 60. அதோடு ஏழு மீள்முயற்சியும் தீர்ந்தது.

சேவரில் விழுந்த அழைப்பு 4320. போய்ச் சேர்ந்த செய்தி 180. கைவிட்டது 420. இரட்டிப்பு ஒழுங்காகத்தான் நடந்தது, வாத்தியார். அது கூட்டத்தைக் கலைக்கவில்லை, கூட்டத்தையே கட்டி அழைத்துக்கொண்டு போனது. லொக்கில் இதை அடையாளம் காண்பது சுலபம்: 429 வந்த நேரங்களைப் பாருங்கள். ஒரே செக்கனில் குவியலாக விழுந்து, பிறகு வெறுமையாகி, திரும்பவும் குவியலாக விழுந்தால் இதுதான் நோய்.

மருந்து, காத்திருக்கும் நேரத்தைக் குலுக்கிப் போடுவது. 8 செக்கன் காத்திருக்க வேண்டிய இடத்தில் 0-க்கும் 8-க்கும் இடையில் எழுமாறாக ஓர் எண்ணை ஒவ்வோர் அழைப்பும் தனித்தனியே எடுக்க வேண்டும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பழைய ஈதர்நெட்டில் ஒரே கேபிளில் இரண்டு கணினி மோதிக்கொண்டால் இதைத்தான் செய்தன. 10 மெகாபிட் வேகத்தில் ஒரு துண்டு நேரம் 51.2 மைக்ரோசெக்கன். முதல் மோதலுக்குப் பிறகு 0 அல்லது 1 துண்டு, இரண்டாவதற்குப் பிறகு 0 முதல் 3, மூன்றாவதற்குப் பிறகு 0 முதல் 7 வரை ஏதோ ஒன்று. பத்தாவது மோதலோடு எல்லை வளர்வது நின்றுவிடும், பதினாறாவதில் கைவிடும். கவனியுங்கள், அங்கே இரட்டித்தது காத்திருப்பு அல்ல. காத்திருப்பை எந்த வீச்சுக்குள் இருந்து எடுப்பது என்ற அந்த வீச்சுத்தான் இரட்டித்தது. ஆகவே ‘இரட்டிப்புத் தாமதம்’ என்ற சொல், தம்பி விட்ட அதே பிழையைத்தான் வாசகருக்கும் சொல்லிக்கொடுக்கும்.

நல்லூர் வாத்தியார்:

540 பேர் ஒன்றாக வருவதை நான் யோசிக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சேவர் `Retry-After: 60` என்று எழுதித்தானே அனுப்புகிறது? அதைப் படித்து 60 செக்கன் நின்றால் போதாதா? பிறகு ஏன் இந்த எழுமாறும் வீச்சும்?

வடமராட்சிப் பிள்ளை:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு இதே மீள்முயற்சியால்தான் தலையிடி, ஆனால் மற்றப் பக்கம். ஒரு சங்கத்துக்குக் கூட்ட அறிவித்தல் அனுப்பினேன். ஓர் அம்மாவுக்கு ஒரே செய்தி மூன்று தரம் போய், “பிள்ளை, எனக்குக் கண் தெரியும்” என்று போன் எடுத்துப் பேசினா. காத்திருப்பை நீட்டினால் இது நிற்குமா?

ஏழாலையான்:

நிற்காது, பிள்ளை. மூன்றாவது செய்தி கொஞ்சம் பிந்திப் போகும், அவ்வளவுதான். உங்களுக்கு வந்தது 429 ஆக இருக்காது, ரைம் அவுட்டாக இருக்கும். 429 என்றால் ‘உன் வேலையை நான் தொடவில்லை’ என்று சேவர் வாய்திறந்து சொல்கிறது, திரும்ப அனுப்பலாம். ரைம் அவுட்டில் செய்தி போனதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது. போய்விட்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தனி அடையாள எண்ணை வைத்து, மீள்முயற்சியிலும் அதே எண்ணையே அனுப்புங்கள். உங்கள் எஸ்எம்எஸ் இடம் அதை ஏற்று, இரண்டாவதைத் தள்ளிவிடுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். ஏற்காவிட்டால் ரைம் அவுட்டில் தானாகத் திரும்ப அனுப்பாமல் விடுவது நல்லது.

வாத்தியாருக்கு: `Retry-After` வந்தால் அதை மீறக் கூடாது, அது உண்மை. ஆனால் 540 பேருக்கும் ‘60’ என்றே எழுதி வந்தால், 540 பேரும் அறுபதாவது செக்கனில் வாசலில் நிற்பார்கள். அதனால் அதைத் தரைமட்டமாக வைத்து, குலுக்கலை அதற்கு மேலே கூட்ட வேண்டும். கீழே குலுக்கினால் சேவர் சொன்னதற்கு முன்பே போய்க் கதவு தட்டுவோம்.

```python
span = min(60, 2 ** n)
extra = random.uniform(0, span)
time.sleep((retry_after or 0) + extra)
```

`n` பூச்சியத்தில் தொடங்கும். `retry_after` செக்கனில் இருக்கிறது என்று எடுத்திருக்கிறேன். சில சேவர் அதில் எண்ணுக்குப் பதில் திகதியும் நேரமும் எழுதி அனுப்பும், அதை நீங்கள்தான் செக்கனாக மாற்ற வேண்டும். 400, 401, 404 போன்றவை வந்தால் இந்தப் பக்கமே வராதீர்கள். பிழையான கடவுச்சொல் 60 செக்கன் கழித்தும் பிழைதான்.

தம்பிக்கு இன்னுமொன்று. 600-ஐ நிமிடத்துக்கு 60 ஆக அனுப்ப, எப்படிக் குலுக்கினாலும் பத்தாவது நிமிடம் பிறந்துதான் கடைசி 60-உம் போகும். உங்கள் ஏழு மீள்முயற்சி இரண்டு நிமிடம் சொச்சத்தில் தீர்ந்துவிடுகிறது. வரம்பு 60 என்று முன்கூட்டியே தெரியும்போது ஏன் 600-ஐயும் ஒன்றாக அவிழ்த்துவிடுகிறீர்கள்? ஒரு வரிசையில் போட்டு செக்கனுக்கு ஒன்றாக விடுங்கள். 429 பெரும்பாலும் வராது. அப்படியும் வந்தால், அதே கணக்கை வேறு யாரோ பாவிக்கிறார்கள் என்று அர்த்தம், அதற்குத்தான் இந்தக் குலுக்கல்.

கொக்குவிலான்:

அண்ணை, நன்றி. நேற்றிரவு வரிசையில் போட்டுப் பரீட்சித்தேன். 600-உம் பத்து நிமிடத்தில் போனது, மூன்றே மூன்று 429. அந்த மூன்றும் எங்கள் அலுவலகத்தில் வேறொரு ஆள் அதே சாவியைப் பாவித்த நேரம்.

இப்போது சொல்லுக்கு வருவோம். ‘ஆறல்’ என்று வைத்தால் என்ன? “ஆறுதலா வா”, “கொஞ்சம் ஆறிப்போட்டுப் போ” என்று நாங்கள் நாளாந்தம் சொல்வதுதான். அவசரப்படாமல் நின்று, பிறகு திரும்பப் போவது அதிலேயே இருக்கிறது. வீச்சு மடங்காக ஏறுவதால் ‘மடங்கேறு ஆறல்’. இரண்டால் பெருக்காமல் ஒன்றரையால் பெருக்கினாலும் ‘மடங்கு’ பொருந்தும். குலுக்கலுக்கு ‘சிதறல்’.

மதுரைக்காரன்:

எங்க பக்கம் ஆறுதல்னா துக்க வீட்ல சொல்றது அண்ணா. ‘429 வந்தால் நிரல் ஆறும்’னு படிச்சா, காப்பி ஆறுதா, புண்ணு ஆறுதான்னு கேப்பாங்க. ‘மடங்கேறு காத்திருப்பு’ன்னு வைங்க, ரெண்டு பக்கமும் ஓடும்.

நல்லூர் வாத்தியார்:

காப்பி ஆறுவதும் இதுதானே தம்பி, சூடு தணிய விடுவது. எனக்கு ‘ஆறல்’ பிடித்திருக்கிறது. ‘மடங்கேறு’ என்பதற்கு என் முழு ஆதரவு, ‘இரட்டிப்பு’ என்று இரண்டு நாள் வாதாடியதை மறந்துவிடுங்கள். ஆனால் ‘சிதறல்’ வேண்டாம். பௌதிகத்தில் ஒளிச்சிதறல் இருக்கிறது, பிள்ளைகள் குழம்பும்.

ஏழாலையான்:

‘காத்திருப்பு’ என்றால் வரிசையில் நிற்பதும் காத்திருப்புத்தான், தம்பி இப்போது செக்கனுக்கு ஒன்றாக விடுகிறாரே, அதுவும் காத்திருப்புத்தான். தோற்ற பிறகு ஒதுங்குவது வேறு. அந்த வேற்றுமை ‘ஆறல்’ என்பதில் கொஞ்சம் இருக்கிறது. ‘சிதறல்’ பற்றி வாத்தியார் சொல்வதை ஏற்க மாட்டேன், கூட்டம் சிதறுவதும் சிதறல்தானே.

வடமராட்சிப் பிள்ளை:

எங்கள் எஸ்எம்எஸ் இடத்தில் கேட்டேன், அடையாள எண்ணை ஏற்க மாட்டார்களாம். ரைம் அவுட்டில் தானாக அனுப்புவதை நிறுத்திவிட்டேன். சொல் எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

கொக்குவிலான்:

இப்போதைக்குக் கோப்பில் இப்படிப் போட்டிருக்கிறேன்:

```
msgid "Backing off, retrying in %d seconds"
msgstr "ஆறி, %d செக்கனில் மீண்டும் முயலும்"
```

மதுரைத் தம்பி ‘செக்கன்’ என்பதற்கும் சண்டைக்கு வருவார் என்று தெரியும். இந்திய மொழிக்கோப்பில் ‘விநாடி’, ‘காத்திருந்து’ என்று தனியாக வைக்கிறேன். ‘சிதறல்’ இருக்கும் வரியைத் திறந்தே விட்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் வாத்தியார் வேறு சொல் தந்தால் மாற்றலாம்.